கோரம் சேராத கூட்டத்தைத் தமிழில் எழுதும்போது

சிங்கப்பூரில் நம் சங்கங்கள் பலவும் கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதி வைக்கின்றன. தமிழ் மட்டும் படிக்கும் மூத்த உறுப்பினர்களுக்காக அதை மொழிபெயர்ப்பதும், பிறர் மொழிபெயர்த்ததைச் சரிபார்ப்பதும் என் வேலை. எதைக் கொடுத்தாலும் முதலில் கோரம் பற்றிய பத்தியைத்தான் பார்ப்பேன். கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கைதான் கோரம்.

சங்கப் பதிவகத்தின் மாதிரி விதிகளைப் பின்பற்றும் சங்கத்தில், வாக்குரிமை உள்ளவர்களில் 25 விழுக்காட்டினர் அல்லது 30 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அரை மணி நேரம் பொறுத்திருப்பார்கள். அப்போதும் ஆள் போதவில்லையென்றால் வந்தவர்களையே கோரமாகக் கொண்டு கூட்டம் நடத்தலாம். ஆனால் அந்தக் கூட்டத்தால் சங்க விதிகளைத் திருத்த முடியாது.

160 உறுப்பினர்கள் உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். கால் பங்கு 40. ஆகவே 30 பேர் போதும். காலை 10 மணிக்கு 19 பேர், 10.30க்கு 24 பேர். என்னிடம் இதுபோன்ற வரைவுகள் இப்படி வரும்: “கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 10.30 மணிக்குக் கோரம் நிறைவடைந்தது.” முதல் வாக்கியத்தைப் படிப்பவர் கூட்டம் வேறொரு நாளுக்குப் போய்விட்டது என்று நினைப்பார். இரண்டாவதைப் படித்தால் 30 பேர் வந்துவிட்டதாகத் தோன்றும். அதற்குக் கீழே, சந்தா விதியை மாற்றும் யோசனையை அடுத்த பொதுக்கூட்டத்தில் வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டதை “விதித் திருத்தத் தீர்மானம் ஏற்கப்பட்டது” என்று எழுதிவிட்டால் சந்தா கூடிவிட்டது என்றே ஆகிவிடும். சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

நான் இப்படி மாற்றுவேன்: “தேவையான 30 பேர் வராததால் கூட்டம் அரை மணி நேரம் தள்ளிவைக்கப்பட்டது. 10.30 மணிக்கு 24 பேர் இருந்தனர். விதிப்படி, வந்திருந்தவர்களே கோரமாகக் கருதப்பட்டனர்.” நீளம்தான், பரவாயில்லை. ‘கருதப்பட்டனர்’ என்பதை மட்டும் சுருக்கக்கூடாது. விதியைத் திருத்தும் அதிகாரம் அந்தக் கூட்டத்துக்கு இல்லை என்பது அதில்தான் தெரிகிறது.

அப்புறம், வாக்கெடுப்பில் நிறைவேறியதை மட்டுமே ‘தீர்மானம்’ என்பேன். அதற்கு முன்புவரை அது ‘முன்மொழிவு’. அழகுக்காக ஓரிடத்தில் ‘முடிவு’, இன்னோரிடத்தில் ‘பரிந்துரை’ என்று மாற்றினால் இரண்டும் வெவ்வேறு விஷயம் என்றே உறுப்பினர்கள் வாதிடுவார்கள். சங்க விதிகளுக்குத் தமிழ்ப் பிரதி இருந்தால் அதிலுள்ள சொல்லே என் சொல். கோரத்தை அங்கே ‘குறைவெண்’ என்று எழுதியிருந்தால், எனக்குப் பிடிக்காவிட்டாலும் குறைவெண்தான். வேலை முடிந்ததும் இரண்டு பிரதிகளிலும் ஒவ்வொரு சொல்லையும் தேடி, வரும் இடங்களை ஒப்பிடுவேன்.

முரண்பாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும் என்ற வரியைச் செயற்குழு கேட்டால் மட்டும் கடைசியில் சேர்ப்பேன். நானாகச் சேர்ப்பதில்லை.