மூன்று பிரெட், மூன்று படம்

வீட்டில் சுட்ட முதல் பிரெட் நல்ல பொன்னிறம் என்றும் இரண்டாவது வெளிறிப் போயிற்று என்றும் படங்களை வைத்து முடிவு செய்திருந்தேன். அது தவறு. முதல் படத்தை இரவில் மஞ்சள் பல்பின் கீழ் எடுத்திருந்தேன், அடுத்ததைப் பகலில் ஜன்னலோரம். வெளிச்சத்துக்கு ஏற்ப போன் தானாகவே நிறத்தை மாற்றிக்கொள்ளும். இப்போது வெட்டிய துண்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளும் ஸ்கேலும் வைத்து, அதே ஜன்னலில், அதே நேரத்தில் எடுக்கிறேன். இரண்டு படத்திலும் தாள் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால்தான் மேலோட்டின் நிறத்தை ஒப்பிடலாம்.

400 கிராம் மைதா, 250 கிராம் தண்ணீர், 4 கிராம் ஈஸ்ட், 8 கிராம் உப்பு. இந்த அளவில் புதிதாக மூன்று பிரெட் சுட்டேன். மூன்று முறையும் அளவு எதையும் மாற்றவில்லை. டின்னில் போட்டபின் மாவு உப்பக் காத்திருக்கும் நேரத்தை மட்டும் 20, 45, 90 நிமிடம் என்று மாற்றினேன். சமையலறை வெப்பம் 30 டிகிரி.

20 நிமிடப் பிரெட்டின் பக்கவாட்டில் வெடிப்பு. உள்ளே அடியில் இறுக்கம், மேலே ஆங்காங்கே பெரிய ஓட்டைகள். ஈஸ்ட் இன்னும் போதிய வாயு உண்டாக்கவில்லை, மாவும் தளரவில்லை. ஓவனில் சூடு ஏறியதும் ஈஸ்ட் வேகமெடுத்தது, இருந்த வாயுவும் விரிந்தது. அதற்குள் மேலோடு இறுகிவிட்டதால் பலவீனமான இடத்தில் கிழிந்தது.

45 நிமிடத்தில் வெடிப்பு இல்லை. சிறு துளைகள் அடிமுதல் மேல்வரை ஒரே சீராக இருந்தன. ஸ்கேலில் உயரம் 11 செ.மீ.

90 நிமிடப் பிரெட் டின்னுக்குள் இருந்தபோது மூன்றிலும் பெரிதாகத் தெரிந்தது. சுட்டபின் நடுவில் குழிந்து 9 செ.மீ.தான். வாயுக்குமிழ்களின் சுவர் அளவுக்கு மீறி இழுபட்டு மெலிந்தால் சூட்டைத் தாங்காமல் சரிந்துவிடும். மேலோடும் வெளிறியே இருந்தது. பழுப்பு நிறம் வருவதற்குச் சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிய வேண்டும். அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் முன்பே தின்றுவிட்டது. ஓவன் சூடு போதவில்லை என்று நினைத்துச் சூட்டைக் கூட்டியிருந்தால் அடுத்த முறையும் ஏமாந்திருப்பேன்.

துளைகள் படத்தில் தெளிவாகத் தெரிய, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழ வேண்டும். ஃபிளாஷ் போட்டால் நிழல் மறைந்து எல்லாத் துண்டும் ஒன்றுபோல் தெரியும். பிரெட்டை இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டு, நீளவாட்டின் சரிபாதியில் வெட்டுகிறேன். சூடாக வெட்டினால் மாவுப்பொருள் இறுகாமல் கத்தியில் ஒட்டி இழுபடும். நன்றாக வந்த பிரெட்கூட படத்தில் வேகாததுபோல் தோன்றும். போனையும் வெட்டிய பக்கத்துக்கு நேராக நெருக்கிப் பிடிக்காமல் இரண்டடி தள்ளி வைக்கிறேன், நெருங்கினால் நடுப்பகுதி புடைத்துத் தெரியும்.

உள்ளே ஈரம் தங்கியிருக்கிறதா என்பது மட்டும் எந்தப் படத்திலும் சரியாகத் தெரிவதில்லை. அதனால் சுடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எடையை அந்த வெள்ளைத்தாளிலேயே எழுதிவைக்கிறேன்.