முன்பணமும் வரிப் பிடித்தமும் உள்ள இன்வாய்ஸில் மொத்தத்தைப் போடுவது எப்படி?

ஃப்ரீலான்ஸ் வேலைக்கான கட்டணத்தைத் தரும்போது அதில் ஒரு பங்கை வரியாகப் பிடித்து, வேலை செய்தவரின் பெயரில் அரசுக்குக் கட்டும் பொறுப்பைப் பல நாடுகளின் சட்டங்கள் வாடிக்கையாளரிடம் விடுகின்றன. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இங்கே கணக்குக்காக 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிடித்தம் மட்டும் இருந்தால் சிக்கல் இல்லை. முன்பணமும் சேரும்போதுதான் கணக்கு தடுமாறும்.

ஒரு வேலைக்கு மணிக்கு 800 என்று 40 மணி நேரம் பேசியாயிற்று. இரண்டு சுற்றுத் திருத்தம் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் போனால் மணிக்கு 1,000. மூன்றாம் சுற்றுக்கு 6 மணி 30 நிமிடம் பிடித்தது. தொடக்கத்தில் 10,000 முன்பணம் பேசப்பட்டது.

முதலில் நேரத்தைச் சரியாக எழுத வேண்டும். 6 மணி 30 நிமிடம் என்பது 6.5 மணி, 6.30 அல்ல. நிமிடங்களை 60-ஆல் வகுத்தால்தான் தசமம் கிடைக்கும். 6.30 என்று போட்டால் இந்த ஒரு வரியிலேயே 200 குறைந்துவிடும். கூடுதல் திருத்தத்தை முதல் 40 மணியோடு கலக்காமல் தனி வரியாக, எந்தச் சுற்று, எந்தத் தேதி, யார் கேட்டது என்ற குறிப்போடு எழுதுங்கள். வாடிக்கையாளர் கேள்வி எழுப்புவது பெரும்பாலும் இந்த வரியைத்தான். தனியாக இருந்தால் அதை மட்டும் பேசித் தீர்க்கலாம், மற்றத் தொகை தேங்காது.

```
40 × 800    = 32,000
6.5 × 1,000 =  6,500
மொத்தக் கட்டணம் = 38,500
```

வரி இந்த 38,500-க்கு. முன்பணமும் இதே கட்டணத்தின் ஒரு பகுதிதான், கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மொத்த வரி 3,850. உங்கள் கைக்கு வர வேண்டியது எப்படிப் பார்த்தாலும் 34,650. அடுத்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முன்பணம் தந்தபோதே வரி பிடித்தார்களா?

பிடிக்கவில்லை என்றால் 10,000 முழுதாக வந்திருக்கும். இப்போது மொத்த வரியையும் கடைசித் தொகையிலிருந்து கழிக்க வேண்டும்: 38,500 − 3,850 − 10,000 = 24,650. பிடித்திருந்தால் வங்கியில் 9,000 வந்திருக்கும், 1,000 ஏற்கெனவே வரியாகப் போயிருக்கும். மீதிக் கட்டணம் 28,500, அதற்கு வரி 2,850, வர வேண்டியது 25,650. இரண்டு வழியிலும் கூட்டினால் அதே 34,650.

தவறு நடப்பது இரண்டையும் கலக்கும்போது. முன்பணத்தில் 1,000 பிடித்துவிட்டு, கடைசியில் முழு 38,500-க்கும் மறுபடி 3,850 பிடித்து, முன்பணத்தையும் 10,000 என்றே கழித்தால் 24,650தான் வரும். கையில் சேர்ந்தது 33,650. ஒரே 10,000-க்கு இரண்டு முறை வரி போயிருக்கிறது. மறுபக்கத் தவறும் உண்டு. முன்பணத்தில் எதுவும் பிடிக்காமல், மீதி 28,500-க்கு மட்டும் 2,850 பிடித்தால் உங்களுக்கு 1,000 கூடுதலாக வரும். வரி குறைவாகக் கட்டிய சிக்கல் பிறகு வாடிக்கையாளர் தலையில் விழும், உங்களிடமும் திருப்பிக் கேட்பார்கள்.

கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்:

```
வங்கிக்கு வந்தது + வர வேண்டியது = மொத்தக் கட்டணம் − அதற்கான மொத்த வரி
```

வரி பிடித்த முன்பணத்தில் இது 9,000 + 25,650 = 38,500 − 3,850 என்று நிற்கும். ஒரு ரூபாய் இடித்தாலும் ஏதோ ஒரு தொகை இரண்டு முறை கழிந்திருக்கிறது அல்லது விட்டுப்போயிருக்கிறது.

இன்வாய்ஸில் முன்பணத்தைக் கட்டண வரியாக எழுதாதீர்கள். மொத்தக் கட்டணத்துக்குக் கீழே 'முன்பணம் பெற்றது', தேதி, வந்த தொகை, அப்போது பிடித்த வரி என்று கழிவாகக் காட்டுங்கள். மொத்தத்தையே குறைத்து 28,500 என்று எழுதினால், வாடிக்கையாளரின் கணக்காளர் அதையே முழுக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்.

பிடித்த வரி உங்களுக்குச் செலவு அல்ல. ஆண்டு வருமானக் கணக்கில் 38,500 முழுவதையும் வருமானமாகக் காட்டி, 3,850-ஐ ஏற்கெனவே கட்டிய வரியாகக் கழித்துக்கொள்ள வேண்டும். வங்கியில் வந்த 34,650-ஐ மட்டும் காட்டினால் வாடிக்கையாளர் அரசுக்குச் சொன்ன எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகாது. வரிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, முன்பணத்தின் 1,000-மும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் ஒரு நிதியாண்டிலும் மீதி அடுத்ததிலும் வந்திருந்தால் அந்த 1,000 முந்தைய ஆண்டின் சான்றிதழில்தான் இருக்கும்.