துபாய் செட்டில்மென்ட்: திர்ஹாம் எப்போது ரூபாயாகிறது?

ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் கம்பெனியில் வேலை முடிந்து கிளம்புபவருக்குக் கிடைக்கும் கடைசிப் பணம் திர்ஹாமில்தான் கணக்காகும். அது ரூபாயாக மாறும் நாளில் என்ன ரேட் ஓடுகிறது என்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதனால் முதலில் திர்ஹாம் கணக்கைத் தனியாகப் போட்டுவிடுவோம்.

2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, ஒரு வருடம் முடித்தவருக்கு கிராஜுவிட்டி உண்டு. முதல் ஐந்து வருடங்களில் ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் பேசிக் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். கடைசியாக வாங்கிய பேசிக்தான் கணக்கு. ரூம், சாப்பாடு, ஓவர்டைம் எதுவும் இதில் சேராது. சம்பளமில்லாமல் லீவில் இருந்த நாட்களைக் கழித்துவிடுவார்கள். வீட்டு வேலைக்காரர்களுக்கும், துபாய், அபுதாபி நிதி மண்டலங்களில் வேலை செய்பவர்களுக்கும் சட்டம் வேறு.

பேசிக் 1,500 திர்ஹாம், சர்வீஸ் ஏழரை வருடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 50. முதல் ஐந்து வருடத்துக்கு 5,250, மீதி இரண்டரை வருடத்துக்கு 3,750, ஆக கிராஜுவிட்டி 9,000. எடுக்காத லீவு 20 நாள் இருந்தால் அதற்கு 1,000. மொத்தம் 10,000 திர்ஹாம். ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கம்பெனி இதைக் கொடுத்தாக வேண்டும்.

ரூபாய் இப்போதுதான் வருகிறது. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். ஆகவே திர்ஹாம் ரேட் ஏறி இறங்குவது முழுக்க டாலருக்கு எதிரான ரூபாயின் ஆட்டம்தான். அன்றைய டாலர் ரேட்டை 3.6725-ஆல் வகுத்தால் சந்தை ரேட் வந்துவிடும். டாலர் 88.14 என்றால் திர்ஹாம் சரியாக 24 ரூபாய். எக்சேஞ்சில் 23.80 தருகிறேன் என்றால், 10,000 திர்ஹாமுக்கு 2,000 ரூபாய் அங்கேயே போகிறது. அனுப்பும் கட்டணம் அதற்கு மேல் தனி. "கட்டணமே இல்லை" என்று எழுதிப் போட்ட இடத்தில் இந்த வகுத்தலைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். கட்டணத்தை ரேட்டுக்குள் வைத்திருப்பார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. "நீ ஊருக்குப் போ, அங்கே எங்கள் ஆள் ரூபாயாகக் கொடுத்துவிடுவார்" என்பார்கள். அந்த ஆள் வேலைக்குச் சேர்ந்த காலத்து ரேட்டான 22.50-ஐப் பிடித்துக்கொண்டால், நம் கணக்கில் 15,000 ரூபாய் காணாமல் போகும். ஒப்பந்தத்தில் சம்பளம் திர்ஹாமில் இருந்தால் பாக்கியும் திர்ஹாம்தான். பழைய ரேட்டைக் காட்டிக் குறைக்க அவருக்கு இடமில்லை. கேன்சல் பேப்பரில் "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருக்கும். பணம் அக்கவுன்டில் ஏறுவதற்கு முன் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். திர்ஹாம் தொகை எழுதிய செட்டில்மென்ட் தாளின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரேட் ஏறும் வரை காத்திருக்கலாமா? ஊரில் கடன் இருந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து. நம் 10,000 திர்ஹாம் 24 ரூபாய் ரேட்டில் 2,40,000 ரூபாய். மாதம் ஒரு சதவீத வட்டிக் கடனில் அந்தத் தொகைக்கு மாதம் 2,400 வட்டி ஓடும். அதை ஈடுகட்டவே திர்ஹாம் ஒவ்வொரு மாதமும் சுமார் 24 பைசா ஏற வேண்டும். அப்படி ஏறும் என்று யாரும் உறுதி தர முடியாது.

கடன் இல்லை, உடனே செலவும் இல்லை என்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.இ. அக்கவுன்டுக்குப் போகும் பணம் போன அன்றே ரூபாயாகிவிடும். அதன்பின் காத்திருந்து பயனில்லை. ஆனால் நிரந்தரமாகத் திரும்பி வந்தவர் இந்திய வங்கியில் ஆர்.எப்.சி. அக்கவுன்ட் திறந்து, வெளிநாட்டுச் செட்டில்மென்ட் பணத்தை டாலராகவே வைத்திருக்கலாம். தேவைப்படும்போது தேவையான அளவை மட்டும் அன்றைய ரேட்டில் ரூபாயாக்கிக்கொள்ளலாம். திர்ஹாமை டாலராக்கும்போதும் வங்கி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஓரிரு மாதத்தில் செலவாகும் பணத்துக்கு இது சரிப்படாது. திரும்பி வந்தபின் என்.ஆர்.இ. அக்கவுன்டை அப்படியே வைத்திருக்கவும் கூடாது. வங்கியில் சொல்லி சாதாரண அக்கவுன்டாகவோ ஆர்.எப்.சி.யாகவோ மாற்ற வேண்டும்.

14 நாள் கடந்தும் பணம் வரவில்லையா? அமீரகத்தின் மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். 2024-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை உரிமை கோரலாம். 50,000 திர்ஹாமுக்கு மேற்படாத பாக்கி என்றால் அமைச்சகமே முடிவு சொல்லிவிடும். புகாரில் தொகையை ரூபாயில் எழுதாமல், தாளில் உள்ள திர்ஹாமையே எழுதுங்கள்.