மாஸ்டர் ஏன் ராத்திரி பத்து மணிக்கு வந்து போகிறார்?

விடுதி மெஸ்களுக்கும் கேன்டீன்களுக்கும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கோவை, திருப்பூர், ஈரோடு என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். புதிதாகப் பொறுப்பேற்கும் மேலாளர்கள் முதல் வாரத்தில் சரக்கு அறையைப் பார்ப்பார்கள், கேஸ் சிலிண்டர் கணக்கைப் பார்ப்பார்கள், அப்புறம் வருகைப் பதிவைப் பார்ப்பார்கள். இந்த மூன்றாவதில்தான் பல நேரம் வம்பு தொடங்குகிறது.

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரி விடுதி. சுமார் 300 மாணவர்கள். சமையல் மாஸ்டர் அங்கே பல வருடமாக இருப்பவர், அறுபதை நெருங்குகிறார். புதிதாக வந்த மேலாளர் ஹோட்டல் நிர்வாகம் படித்த இளைஞர், கெட்டிக்காரர், கணக்கில் சுத்தம். கைரேகை இயந்திரத்தில் மாஸ்டரின் பதிவைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றியது. விடியற்காலை 3 மணிக்கு உள்ளே, எட்டரைக்கு வெளியே. பதினொன்றுக்கு ஒரு எட்டு வந்து போகிறார். சாயங்காலம் நாலரைக்கு வந்து ஏழரை வரை இருக்கிறார். இது போதாதென்று ராத்திரி பத்து மணிக்கு வெறும் பத்து நிமிடம். எதற்காக என்று உதவியாளர்களைக் கேட்டால், “அவர் எப்பவும் அப்படித்தானுங்க” என்றார்கள்.

மேலாளர் இதை ஒழுங்குபடுத்த நினைத்தார். காலை 5 முதல் மதியம் 2 வரை ஒரே ஷிப்ட், அதற்கு மேல் மாஸ்டர் இருக்க வேண்டியதில்லை என்றார். பாதி தூக்கத்தில் வேலை செய்யும் வயதானவருக்கு நல்லது செய்வதாகவே அவர் நம்பினார், அதில் தப்பொன்றும் இல்லை. மாஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “ராத்திரி சமையல யாருங்க தம்பி பாக்கறது?” “மத்தியானமே முடிச்சு வெச்சுட்டுப் போங்க மாஸ்டர், பசங்க சூடு பண்ணிப் பரிமாறிக்குவாங்க” என்பது பதில். மாஸ்டர் அதற்குமேல் பேசவில்லை.

முதலில் அடி வாங்கியது இட்லி. முன்பெல்லாம் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் மாவு அரைத்து முடிப்பார்கள். காலை ஐந்து மணிக்கு முதல் ஈடு ஊற்றும்போது மாவுக்கு வயது பதினோரு மணி நேரம். இப்போது மாஸ்டர் கிளம்புவதற்கு முன், மதியம் ஒன்றரைக்கே அரைத்துவிட்டார்கள். ஆறு மணிக்கு முதல் ஈடு ஊற்றும்போது பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்டோபர் மாதத்து ஈரோட்டுச் சூட்டில் இது ரொம்ப அதிகம். மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் முதலில் வாயுவைக் கிளப்பி மாவை உப்ப வைக்கும், கூடவே புளிப்பையும் ஏற்றும். உப்பல் ஒரு உச்சத்தைத் தொட்டபின் குமிழ்கள் உடைந்து மாவு அமுங்கும், புளிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அண்டாவின் உள்சுவரில் மாவு ஏறிய தடம் மேலே காய்ந்திருக்க, மாவு அதற்குக் கீழே இறங்கிக் கிடந்தால் உச்சம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அந்த மாவில் இட்லி தட்டையாக, பிசுபிசுப்பாகத்தான் வரும். உதவியாளர் ஒருவர் ஆப்ப சோடாவை அள்ளிப் போட்டுச் சமாளிக்கப் பார்த்தார். இட்லி மஞ்சள் பூத்து, சோடா வாடையோடு வந்தது. மாணவர்கள் அதை என்ன சொல்லிக் கிண்டல் செய்தார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

ராத்திரி பத்து மணியின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. மாஸ்டர் அப்போது வருவது மாவைப் பார்க்க. மூடியைத் திறந்து, கையை விட்டுச் சூட்டைப் பார்ப்பார். சித்திரை மாதத்தில் அரைத்து நாலு மணி நேரத்திலேயே மாவு கிளம்பியிருக்கும். பெரிய அண்டாவில் நடுப்பகுதிச் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் வேகமாகப் பொங்கும். அதனால் சின்னச் சின்னத் தூக்குகளில் பிரித்து, பாதியைக் குளிர்பெட்டிக்குள் தள்ளுவார். மார்கழியில் நேர்மாறு. அணைத்த அடுப்புக்குப் பக்கத்தில் அண்டாவை நகர்த்தி, மேலே சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போவார். உப்பு கூட அப்படித்தான். உப்பு புளிப்பதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பதால் வெயில் காலத்தில் அரைத்ததும் போடுவார், குளிர் காலத்தில் காலையில்தான் கலப்பார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் பொள்ளாச்சிப் பக்கச் சமையல்காரர்களும் இதையே செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

இட்லி கெட்டது கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் ஆபத்தில்லை. கண்ணுக்குத் தெரியாதது புதன்கிழமை ராத்திரி நடந்தது.

புதன்கிழமை இரவு அந்த விடுதியில் வெஜ் ஃப்ரைடு ரைஸ். அதற்குச் சோறு ஆறியிருக்க வேண்டும், சூடாக வறுத்தால் குழைந்துவிடும். புது ஷிப்ட்டில் சோற்றை மதியம் ஒரு மணிக்கு வடித்து, பாயில் கொட்டி ஆற்றி, அண்டாவில் அள்ளி மூடி வைத்துவிட்டு மாஸ்டர் கிளம்பினார். ஏழு மணிக்கு உதவியாளர்கள் நல்ல தீயில் காய்கறியோடு வறுத்தார்கள். ஏழரைக்குச் சாப்பாடு. ஒன்பதரை மணியிலிருந்து சில மாணவர்களுக்கு வாந்தி. காய்ச்சல் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு வயிற்றுப்போக்கும் இல்லை. காலைக்குள் தேறிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. மண்ணிலும் அரிசியிலும் சாதாரணமாக இருப்பது. சோறு கொதிக்கும்போது அது செத்தாலும், அதன் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்புக்கு இறங்கியதும் முளைத்துப் பெருகும், சில வகைகள் வாந்தி உண்டாக்கும் நச்சையும் சோற்றிலேயே கொட்டி வைக்கும். அந்த நச்சு சூட்டுக்கு அசையாது. எவ்வளவு பெரிய தீயில் வறுத்தாலும் பாக்டீரியா சாகும், நச்சு அப்படியே இருக்கும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுப்பது இதன் அடையாளம். முக்கியமான விஷயம், சோறு ஊசியிருக்காது. வாடையோ கொழகொழப்போ இல்லாமலே இவ்வளவும் நடந்திருக்கும். முகர்ந்து பார்த்துப் பரிமாறிவிடலாம் என்கிறவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அன்றைய ஃப்ரைடு ரைஸில் ஒரு கரண்டிகூட எடுத்து வைக்கப்படவில்லை என்பதால் ஆய்வகத்துக்கு அனுப்ப வழியில்லாமல் போனது. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நேரக்கணக்கு பொருந்தியது. அதைச் சரிபார்க்க, அதே அளவு அரிசியை அதே மாதிரி மதியம் ஒரு மணிக்கு வடித்து, ஆற்றி, அண்டாவில் மூடி வைக்கச் சொன்னேன். மேலாளர் கையில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொடுத்தேன். மேலே தொட்டால் சோறு ஜில்லென்றிருந்தது. ஆனால் நடுவில் நான்கு மணிக்கு 41 டிகிரி, ஏழு மணிக்கு 36. இந்தத் தொழிலில் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது பாலபாடம். அந்த அண்டா மதியம் முழுக்க அந்த இடைவெளிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. மேலாளர் ஒன்றும் பேசாமல் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு மாஸ்டரை உட்கார வைத்துப் பேசினோம். முன்பு புதன்கிழமை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். “அஞ்சு மணிக்கு முன்னால சோறு வடிக்கவே உடமாட்டனுங்க. வடிச்சுத் தட்டுல மெல்லிசாப் பரத்தி ஃபேனப் போட்டுருவனுங்க. ஆறேமுக்காலுக்கு வறுப்பு” என்றார். அதாவது வடிப்பதற்கும் பரிமாறுவதற்கும் நடுவில் இரண்டரை மணி நேரம்தான். பாக்டீரியாவின் பெயர் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. “மத்தியானச் சோறு ராத்திரிக்குப் பசங்களுக்கு ஆகாதுங்க” என்பது அவர் கணக்கு.

“இத நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே மாஸ்டர்” என்றார் மேலாளர். “நீங்க கேக்கலீங்களே தம்பி. ஷிப்ட்டுன்னு மட்டும்தான சொன்னீங்க” என்றார் அவர். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான்.

அதன்பிறகு மேலாளர் செய்த வேலை எனக்குப் பிடித்தது. ஒரு சார்ட் பேப்பரில் சாப்பாட்டு வேளைகளை வரிசையாக எழுதி, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார். காலைச் சாப்பாடு 7 மணி என்றால் பருப்பும் சாம்பாரும் எப்போது இறங்க வேண்டும், இட்லி முதல் ஈடு எப்போது, அடுப்பு எப்போது பற்ற வேண்டும். அப்படிப் போட்டுப் பார்த்தபோது மாஸ்டரின் 3 மணி தானாக வந்து விழுந்தது. பதினொரு மணி மதியச் சோற்றின் இரண்டாவது வடிப்புக்கு. நாலரை மணி ராத்திரிச் சமையலுக்கும் மாவுக்கும். கைரேகை இயந்திரத்தில் துண்டு துண்டாகத் தெரிந்த எல்லா நேரத்துக்கும் ஒரு அண்டா பொறுப்பாக இருந்தது.

ஆனால் பழையபடியே விட்டுவிடவும் கூடாது. விடியற்காலை மூன்றிலிருந்து ராத்திரி பத்து வரை ஒரே ஆளைக் கட்டிப்போடுவது மனிதத்தனம் இல்லை, அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் சமையலறையும் படுத்துவிடும். மாஸ்டருக்கு விடியற்காலை 3 முதல் பதினொன்றரை வரை, நடுவில் ஓய்வோடு, என்று முடிவானது. சாயங்காலத்துக்கு அவர் கையால் பழகிய இரண்டாவது சமையல்காரர். விடுதியிலேயே தங்கும் ஒரு உதவியாளர் ராத்திரி பத்து மணிக்கு மாவைத் திறந்து படம் எடுத்து மாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். “பெட்டில வெய்யி” அல்லது “உடு” என்று பதில் வருகிறது. முதல் மாதம் ஒரு சமையல்காரரின் சம்பளம் கூடியதைக் கண்டு கல்லூரி அலுவலகம் முணுமுணுத்தது. மேலாளர் அந்தத் தெர்மாமீட்டர் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினார்.

உங்கள் சமையலறையிலும் இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பெரிய பாத்திரத்துக்கும் அடுப்பிலிருந்து இறக்கிய நேரம், முதல் தட்டில் போட்ட நேரம், கடைசித் தட்டில் போட்ட நேரம், இந்த மூன்றை ஒரு வாரம் எழுதுங்கள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் ஒரு டப்பா எடுத்து, தேதி எழுதிக் குளிர்பெட்டியில் மூன்று நாள் வையுங்கள். தெர்மாமீட்டரை மேலாக வைக்காமல் பாத்திரத்தின் நடுவில் குத்துங்கள்.

கடைசித் தட்டு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த விடுதியில் இன்னும் தீராதது ஞாயிற்றுக்கிழமைதான். ஊருக்குப் போன மாணவர்கள் கோபி, தாராபுரம், பழனி பஸ்களில் வந்து சேர ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஏழு மணிக்கு இறக்கிய சோற்றைப் பத்து மணி வரை வைத்திருப்பதா என்று சாயங்காலச் சமையல்காரர் கேட்டார். இப்போது எட்டேமுக்காலுக்கு 10 கிலோ அரிசியைத் தனியாக வடிக்கிறார்கள். அதில் பாதி மிஞ்சிப் போகிறது என்று மேலாளர் போன வாரம் புலம்பினார். 7 கிலோவாகக் குறைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.