டெலோஜென் எஃப்ளூவியம்: ஓய்வுநிலை முடியுதிர்வு

பிள்ளை பெற்ற சில மாதங்களில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதை மருத்துவர்கள் 'டெலோஜென் எஃப்ளூவியம்' என்பார்கள். கிரேக்கத்தில் 'டெலோஸ்' என்றால் முடிவு; முடி வளர்ந்து முடித்து ஓய்ந்திருக்கும் நிலையை அது குறிக்கிறது. லத்தீனில் 'எஃப்ளூவியம்' என்றால் வெளியே வழிந்தோடுவது. இப்பெயரை 1961இல் அறிமுகப்படுத்தியவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். தமிழில் 'ஓய்வுநிலை முடியுதிர்வு' என்பதே பொருந்தும். 'வழுக்கை' என்று எழுதுவது தவறு. இதில் வேர் அழிவதில்லை.

தலைமுடி ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளரும், ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்ந்திருக்கும், பிறகு உதிரும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜென் மிகுவதால் உதிர வேண்டிய முடியும் வளர்நிலையிலேயே தங்கிவிடுகிறது. ஏழாம் மாதத்தில் பின்னல் பருத்துத் தெரிவது அதனால்தான். பிரசவத்துக்குப் பின் ஈஸ்ட்ரோஜென் சரிய, தங்கியிருந்த முடியெல்லாம் ஒருசேர ஓய்வுக்குப் போகிறது.

சிங்கப்பூரின் ஈசூனில் ஜனவரியில் பிள்ளை பெற்ற ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் கடைசியில் குளியலறை வடிகால் முடியால் அடைக்கிறது. உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்தால் அடிநுனியில் சிறு வெள்ளைக் குமிழ் தெரியும். ஓய்வு முடித்து விழுந்த முடிக்கு அதுவே அடையாளம். "குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும்" என்று நம் பாட்டிமார் சொல்வதும் இந்தக் காலத்தைத்தான். காரணம் குழந்தையின் சிரிப்பு அல்ல. ஆனால் அவர்கள் கணித்த காலம் சரியானது. பெரும்பாலும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் அடர்த்தி திரும்பிவிடும்.

நகமும் இப்படித்தான். கர்ப்பத்தில் அது வேகமாக வளரலாம், எளிதில் பிளவுபடலாம். நகத்தில் வெள்ளைப் புள்ளி கண்டதும் கால்சியம் குறைவு என்று பதறுகிறோம்; பெரும்பாலும் நக வேரில் பட்ட சிறு அடிதான் காரணம்.

அப்படியானால் எதைக் கவனிக்க வேண்டும்? கர்ப்ப காலத்திலேயே முடி கொட்டினால், அது ஹார்மோன் போக்குக்கு நேர்மாறு. நகம் கரண்டிபோல் நடுவில் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். முடி உதிர்வோடு களைப்பும் படபடப்பும் சேர்ந்தாலோ, ஓராண்டு கடந்தும் உதிர்வு நிற்காவிட்டாலோ, பலதுறை மருந்தகத்தில் ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி இதே மாதங்களில்தான் தலைகாட்டும். 'பிள்ளை பெற்ற உடம்பு' என்று அதை ஒதுக்கிவிடுகிறோம் என்பதே என் கவலை.

முடிக்கென்று பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையின் அளவைப் பொய்யாகக் காட்டும். இல்லாத நோய் இருப்பதாகவும் தோன்றலாம், இருக்கும் நோய் மறைந்தும் போகலாம்.