வட்டி போதும், அசலைத் தொட மாட்டேன் என்கிறவர்களுக்கு

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு 58 வயதில் ஓய்வு பெற்றவர். சத்துவாச்சாரியில் சொந்த வீடு. பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்துக் கையில் ஒரு கோடி. மகன் காட்பாடிப் பக்கம் மனை பார்த்திருக்கிறானாம், அதற்கு இருபது லட்சம் கொடுத்தால் வரி வருமா என்று கேட்கத்தான் மனைவியோடு வந்திருந்தார்.

"வரி வராது. ஆனா மீதி எண்பதுல காலம் ஓடுமா சார்?" என்றேன்.

"ஒரு கோடிக்கு ஏழு பர்சென்ட் வட்டி, வருஷம் ஏழு லட்சம். எங்க செலவு மாசம் நாப்பதாயிரம். எண்பது இருந்தாலே போதும், அசலைத் தொடவே மாட்டேன்."

வரிக் கணக்கு எழுதுவதுதான் என் தொழில். ஆனால் இந்த வாக்கியத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

முதலில் அந்த நாற்பதாயிரம். செலவைக் கேட்டால் எல்லோரும் மாதக் கணக்குதான் சொல்கிறார்கள், அதுவும் ஒன்றும் நடக்காத மாதத்தின் கணக்கை. அப்படி ஒரு மாதம் வருடத்தில் எத்தனை தடவை வருகிறது? நான் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்வதில்லை. பன்னிரண்டு மாத பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லி, பற்றுப் பக்கத்தை வரிவரியாகப் பார்ப்பேன். அவர் சொன்ன நாற்பதாயிரம் வருடத்துக்கு 4,80,000. பாஸ்புக்கில் அதற்கு மேலும் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, சொந்த ஊரான குடியாத்தத்தில் சிரசுத் திருவிழாவுக்குப் போய் வந்தது, மொய், சீர் எல்லாம் சேர்த்து 50,000. தீபாவளி, பொங்கல் துணிமணி 30,000. வண்டி இன்சூரன்சும் ரிப்பேரும் 26,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி சில வருடங்களுக்கு ஒருமுறை வருவதைச் சராசரியாக்கினால் 40,000.

பாஸ்புக்கில் இல்லாத ஒன்றும் இருந்தது. இத்தனை வருடம் மருத்துவக் காப்பீட்டைக் கம்பெனி கட்டியது, இனி அவர்தான் கட்ட வேண்டும். இருவருக்கும் 54,000. "பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கே சார்" என்றார். வேலூர்க்காரர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்தால் பஸ் காசு மிச்சம், பில் குறையாது.

வேலைக்குப் போகாததால் மிச்சமாகும் பெட்ரோல், டீக்காசு 20,000-ஐக் கழித்தால் மொத்தம் 6,60,000. பி.எஃப். பென்ஷன் மாதம் ஐயாயிரம், வருடத்துக்கு 60,000 வரும். ஆக அவருடைய பணம் தர வேண்டியது வருடம் ஆறு லட்சம்.

"அப்பவும் ஒரு கோடிக்கு வட்டி ஏழு லட்சம் வருதே சார், ஒரு லட்சம் மிச்சம்தானே" என்றார். மனை இருபது லட்சம் அதற்குள் மறந்துவிட்டது. சரி, அதைக் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. வட்டி ஏழு லட்சத்திலேயே நிற்கும், செலவு நிற்காது. விலைவாசி வருடம் ஆறு சதவீதம் ஏறினால், இந்த வருடம் ஆறு லட்சத்துக்கு ஓடிய அதே வீடு நான்காவது வருடம் ஏழு லட்சத்தைத் தாண்டும், பன்னிரண்டு வருடத்தில் இரட்டிப்பாகும். ஆகவே வரும் வட்டி முழுவதும் செலவுக்கானதல்ல. ஏழில் ஆறு பங்கு, அசல் தன் மதிப்பை இழக்காமல் இருக்க உள்ளேயே கிடக்க வேண்டியது. அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அசலைத் தொடவில்லை என்று சொல்வது, விதைநெல்லைத் தின்றுவிட்டுக் குதிர் அப்படியே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

இதில் ஏமாற்றுவது எது தெரியுமா? முதல் சில வருடங்கள். கணக்கைப் போட்டே காட்டினேன். வருட ஆரம்பத்தில் செலவுக்கு எடுத்து, மீதிக்கு ஏழு சதவீதம் வட்டி சேர்த்து, அடுத்த வருடச் செலவை ஆறு சதவீதம் ஏற்ற வேண்டும். எக்செல்லில் இரண்டே வரி. B2-ல் பணம், C2-ல் செலவு:

```
B3: =(B2-C2)*1.07
C3: =C2*1.06
```

இழுத்துக்கொண்டே போனால் நான்கு வருடம் முடிந்தும் ஒரு கோடி அப்படியே நிற்கிறது. அப்போது யார் சொன்னாலும் மனுஷன் கேட்க மாட்டார். பத்து வருடம் முடிவில் 83 லட்சம். பதினைந்தில் 43. பதினெட்டாவது வருடச் செலவுக்கு எடுத்ததும் ஏறக்குறைய காலி. அந்த வருடம் முடியும்போது அவருக்கு வயது 76.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா, "எனக்கு அப்போ எழுபத்திரண்டுதானே ஆகும்?" என்றார்.

அம்மாவுக்கு இப்போது 54. கணக்கு ஓட வேண்டியது அவருடைய 90 வயது வரை, அதாவது 36 வருடம். கணவரின் வயதை வைத்துக் கணக்கை முடித்துவிடுகிற ஆண்களிடம் எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை.

36 வருடத்துக்கு, அதே ஏழு வட்டி, ஆறு விலைவாசி என்றால் 1 கோடியே 84 லட்சம் வேண்டும். செலவைப் போல சுமார் 31 மடங்கு. 25 மடங்கு போதும் என்று வீடியோவில் பார்த்ததாகச் சொன்னார். அது வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் 1994-ல் அந்த ஊர்ப் பங்கு, கடன் பத்திரங்களின் பழைய விலைகளை வைத்து 30 வருடத்துக்குச் சோதித்த கணக்கிலிருந்து வந்தது. நம் ஊர் டெபாசிட்டுக்கும் 36 வருடத்துக்கும் அது எழுதப்படவில்லை.

என் 1.84 கோடியையும் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். விலைவாசியை ஐந்து என்று மாற்றினால் 1.58 கோடி, ஏழு என்றால் 2.16 கோடி. வட்டி ஐந்தரையாக இறங்கி அப்படியே நின்றால் 2.35 கோடி. 2020 வாக்கில் பெரிய வங்கிகளில் நீண்டகால டெபாசிட் வட்டி அந்த அளவுக்கு இறங்கியதுதான், மறந்துவிட்டோம். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு தூங்கப் போகாதீர்கள். ஒவ்வொரு அனுமானத்தையும் தனித்தனியாக ஒரு படி மாற்றிப் பாருங்கள். எதை மாற்றினால் கணக்கு அதிகம் ஆடுகிறதோ, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மனைக்குப் பணம் கிடையாது. பழைய முதலாளி கூப்பிடுகிறார் என்றால் வீட்டுச் செலவுக்குச் சம்பளம் வந்தால் போதும், இரண்டு வருடம் போங்கள். மாடியை மாதம் எட்டாயிரத்துக்கு வாடகைக்கு விடுங்கள், வாடகை விலைவாசியோடு ஏறும், பென்ஷன் ஏறாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். அறுபது ஆகாமல் ஓய்வு பெற்றவர்கள் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும், தேதியைத் தவற விடாதீர்கள். வாழ்நாள் உத்தரவாதம் என்று பாலிசி விற்க வருகிறவரிடம், தொகை வருடா வருடம் ஏறுமா என்று மட்டும் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்து கணக்கை மறுபடி ஓட்டினால், பணம் அவருடைய 82 வயதைத் தொடுகிறது. அம்மாவுக்கு 78. இன்னும் பன்னிரண்டு வருடம் பாக்கி. ஒரு பகுதியைப் பங்குச் சந்தை ஃபண்டில் போடுவதா, பிற்காலத்தில் வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போவதா என்பதை அடுத்த முறை பேசலாம் என்றேன்.

மகனிடம் எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தத் தாளை எடுத்து, மே மாதம் ஏசி ஓடுகிற கரண்ட் பில்லைச் சேர்த்தீர்களா என்று கேட்டார். சேர்க்கவில்லை.