நெட்டாண்டில் நாள் எண்ணுதல்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், அந்தியேட்டிக் கிரியை பெரும்பாலும் 31ஆம் நாளில் நடைபெறும். கீரிமலைக்குப் போவதற்கும் அழைப்பு அச்சிடுவதற்கும் திகதி முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதால், செத்தவீட்டிலேயே யாராவது ஒருவர் கலண்டரைக் கையில் எடுத்துவிடுவார். மரணம் பெப்ரவரியில் நிகழ்ந்திருந்தால் அந்தக் கணக்கு ஒரு நாள் பிசகுவதுண்டு.

2024 பெப்ரவரி 10, சனிக்கிழமை ஒரு மரணம் நிகழ்ந்ததாக வைத்துக்கொள்வோம். இறந்த நாளையே முதல் நாளாகக் கொள்வதால், 31ஆம் நாளுக்கு 30ஐக் கூட்ட வேண்டும். 10உடன் 30ஐக் கூட்டினால் 40. அந்த ஆண்டு பெப்ரவரிக்கு 29 நாள் என்பதால் 40இலிருந்து 29ஐக் கழிக்க, மார்ச் 11 வருகிறது. இதுவே 2023ஆக இருந்திருந்தால் 28ஐத்தான் கழிப்போம். விடை மார்ச் 12. ‘மாதம் ஒன்று, நாள் ஒன்று’ என்று வாயால் கணக்குப் போடுபவர் இரு ஆண்டுகளுக்கும் ஒரே திகதியைச் சொல்லிவிடுவார். இதைச் சரிபார்க்க எளிய வழி கிழமைதான். 30 நாள் என்பது நான்கு வாரமும் இரண்டு நாளும் என்பதால், சனிக்கிழமை இறந்தவரின் 31ஆம் நாள் எந்த ஆண்டிலும் திங்கட்கிழமையாகவே இருக்கும். 2024 மார்ச் 11 திங்கட்கிழமைதான். திதி பார்த்துச் செய்யும் ஆண்டுத் திவசத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சந்திரனின் கணக்கு.

பெப்ரவரியில் இந்த மேலதிக நாள் எதற்காக? ஒரு வசந்தகாலச் சமபகல்-சமஇரவு நாளிலிருந்து அடுத்ததற்கு 365 நாளும் ஏறத்தாழ 5 மணி 49 நிமிடமும் செல்கின்றன. இந்த மிச்சத்தைக் கவனிக்காமல் விட்டால் நான்கு ஆண்டுகளில் கிட்டத்தட்ட ஒரு நாள் சேர்ந்துவிடும். ஆகவே ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் சேர்க்கப்பட்டது. ஆனால் அது மிச்சத்தை முழு 6 மணி நேரமாகக் கொண்ட கணக்கு. மிகையாகச் சேர்ந்த 11 நிமிடம் சிறிதென்றாலும், ஏறத்தாழ 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். 16ஆம் நூற்றாண்டில், மார்ச் 21இல் இருக்க வேண்டியதாகக் கருதப்பட்ட சமபகல் நாள் மார்ச் 11க்கு வந்துவிட்டது. உயிர்த்த ஞாயிறு அந்த மார்ச் 21ஐ வைத்தே கணிக்கப்பட்டதால் திருச்சபைக்கு இது பெரிய சிக்கலாயிற்று. பாப்பரசர் 13ஆம் கிரகரி 1582இல் பத்து நாட்களை நீக்கினார். ஒக்டோபர் 4க்கு மறுநாள் ஒக்டோபர் 15 ஆனது. நான்கால் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு, ஆனால் நூற்றாண்டு ஆண்டுகள் 400ஆல் வகுபட்டால் மட்டுமே நெட்டாண்டு என்ற விதியும் அப்போது வந்தது. 2000 நெட்டாண்டு; 1900 அல்ல, 2100உம் அல்ல.

இந்த விதி பருவங்களைப் பின்தொடர்வதற்காக அமைக்கப்பட்டது. நமது தைப்பொங்கலோ சூரியன் மகர ராசியில் புகுவதை, அதாவது விண்மீன்களைப் பின்னணியாகக் கொண்ட சூரியனின் இருப்பைப் பொறுத்தது. அந்தச் சுற்றுக்கு 365 நாளும் ஏறத்தாழ 6 மணி 9 நிமிடமும் தேவை. எனவே தை பிறக்கும் நேரம் கலண்டரில் ஆண்டுதோறும் 6 மணிக்குச் சற்று அதிகமாகப் பிந்தி வந்து, நெட்டாண்டின் பெப்ரவரி 29க்குப் பின்வரும் தையில் ஒரேயடியாக ஏறத்தாழ 18 மணி முந்திவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தினால்தான் பொங்கல் ஒரு முறை ஜனவரி 14இலும் மறுமுறை 15இலும் வருகிறது.

பொங்கலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுபவர் இங்கேதான் ஏமாறுவார். 2024இல் பொங்கல் ஜனவரி 15, 2025இல் 14, 2026இல் மறுபடியும் 15. முதல் இடைவெளிக்குள் பெப்ரவரி 29 இருந்தும், திகதி ஒரு நாள் முந்தியதால் மொத்தம் 365 நாட்களே. அடுத்த இடைவெளியில் பெப்ரவரி 29 இல்லை. ஆனாலும் 366 நாட்கள். நெட்டாண்டு வந்ததால் நாள் கூடியிருக்கும் என்று ஊகிப்பவரின் விடை இரண்டிலும் தவறும். பொங்கலின் இரு திகதிகளையும் பஞ்சாங்கத்தில் பார்த்த பின்னரே இடைப்பட்ட நாட்களை எண்ண வேண்டும்.

அந்த விலகல் நான்கு ஆண்டில் முற்றாகச் சரியாவதும் இல்லை. ஒவ்வொரு நான்கு ஆண்டுச் சுற்றின் முடிவிலும் தை பிறக்கும் நேரம் அரைமணிக்குச் சற்று மேலாகப் பிந்தியே நிற்கும். அதன் மேல், 2100இல் பெப்ரவரி 29 இல்லாததால், பின்னிழுக்கும் அந்த ஒரு நாளும் கிடைக்காமல், 2101 முதல் தைப்பொங்கல் இன்னும் ஒரு நாள் பிந்திய திகதிக்கு நகர்ந்துவிடும்.